அம்மாவின் உள்ளங்காலில் மச்சம்: படத்தைப் பார்த்து எவ்வளவு சொல்ல முடியும்?

கரைமேடு
அம்மாவுக்கு வயது 58. வலது குதிகாலின் முன்பகுதியில் ஒரு கறுப்புப் புள்ளி. கால் ஆணி என்று நினைத்து இரண்டு வருடமாக மெடிக்கலில் கார்ன் கேப் வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் கால் பிடித்துவிடும்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். ஆணி மாதிரி இல்லை. மேடும் இல்லை, அழுத்தினால் வலியும் இல்லை. பழுப்பும் கறுப்பும் கலந்து, ஒரு பக்கம் மங்கிப்போகிறது. பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன், 9 மில்லிமீட்டர் வருகிறது. தோல் டாக்டரிடம் போக வேண்டுமென்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், நடவு முடியட்டும் என்கிறார் அம்மா. படத்தைப் பார்த்து இது சாதாரண மச்சம்தானா என்று யாராவது சொல்ல முடியுமா?

ஐயாசாமி65
தம்பி, எனக்கும் கழுத்தில் இப்படி ஒன்று இருந்தது. சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து ஈர்க்குச்சி முனையில் தொட்டு வைத்தேன், நாலே நாளில் உதிர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் உடனே கத்தியைத் தூக்குவார்கள். கத்தி பட்டால்தான் அது பரவும். எங்கள் ஊரில் அப்படிப் போனவர்கள் உண்டு.

ஸ்கார்பரோ_சுதா
இங்கே குடும்ப டாக்டரின் அறையில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயை அடையாளம் காண ஒரு சார்ட் ஒட்டியிருக்கும், ஏ பி சி டி ஈ என்று. இரண்டு பாதியும் ஒத்திருக்கிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, ஒரே நிறமா, 6 மில்லிமீட்டருக்கு மேலே போகிறதா, மாறிக்கொண்டே வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். உங்கள் படத்தில் ஓரம் பரவாயில்லை, வடிவமும் ஏறக்குறைய முட்டை வடிவம். நிறமும் அளவும் மட்டும்தான் உதைக்கிறது. அதோடு இந்த நோய் வெயிலால் வருவது, வெள்ளைக்காரர்களுக்கு வருவது. உள்ளங்காலில் எங்கே வெயில் படுகிறது? எனக்கென்னவோ பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றுகிறது.

மரு_நெல்லை
(பெயரில் உள்ள மரு, மருத்துவர் என்பதன் சுருக்கம். மருவைப் பற்றிய கேள்விகள் ஏற்கெனவே நிறைய வருகின்றன.)

சுதா அக்கா சொன்ன சார்ட் நல்ல சார்ட்தான். நியூயார்க்கில் 1985-இல் நான்கு எழுத்தோடு வந்தது, மாற்றத்தைக் குறிக்கும் ஈ 2004-இல் சேர்ந்தது. ஆனால் அதைச் செய்தவர்கள் பார்த்தது பெரும்பாலும் வெள்ளைத் தோலை, முதுகிலும் கெண்டைக்காலிலும் வரும் மச்சத்தை. நம் நிறத்தில் மெலனோமா வருவதே அபூர்வம். ஆனால் வந்தால் பெரும்பாலும் வருகிற இடம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. அந்த வகைக்கும் வெயிலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடலாம். எனவே ‘அங்கே வெயில் படாது’ என்பது இங்கே ஆறுதல் ஆகாது.

கரைமேடு, உங்கள் படத்தில் எனக்குத் தெரிவது கொஞ்சம்தான். ஸ்கேல் வைத்ததால் அளவு தெரிகிறது. உள்ளங்காலில் உள்ள மச்சம் 7 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டு, சாதாரண மச்சத்துக்கு உரிய அமைப்பும் தெளிவாகத் தெரியவில்லை என்றால், எடுத்துச் சோதிப்பதுதான் வழக்கம். இரண்டு நிறம் இருப்பது தெரிகிறது. ஆணி இல்லை என்றும் ஓரளவு சொல்லலாம், ஏனென்றால் மேடும் இல்லை, அழுத்தினால் வலியும் இல்லை என்கிறீர்கள். உங்கள் படத்தில் தோலின் ரேகைகளும் புள்ளியின் மேலேயே ஓடுகின்றன.

ஆனால் நான் பார்க்க விரும்புவது அந்த ரேகையின் மேட்டில் கறுப்பு இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்பதை. அது படத்தில் கலங்கலாக இருக்கிறது. அம்மாவின் மற்றக் கால் படத்தில் இல்லை. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்பது, தொட்டால் அடியில் கெட்டியாக இருக்கிறதா என்பது, இவை எந்தப் படத்திலும் வராது.

ஐயாசாமி ஐயாவுக்குத் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: சுண்ணாம்பு வேண்டாம்.

டெப்போ_மணி
டாக்டர், மேடு பள்ளம் என்றால் புரியவில்லை. உள்ளங்கால் மொத்தமுமே மேடு பள்ளம்தானே?

மரு_நெல்லை
மணி அண்ணே, பத்திரப் பதிவு ஆபீசில் கைநாட்டு வைத்திருப்பீர்கள். மை ஒட்டுவது ரேகையின் மேட்டில். பள்ளம் காகிதத்தில் வெள்ளைக் கோடாக விழும். உள்ளங்காலிலும் அதே ரேகைதான், இணை இணையாக ஓடும். வியர்வைத் துளைகள் எல்லாம் மேட்டின் நடுவில் வரிசையாக இருக்கும், லென்சில் வெள்ளைப் பொட்டுகள் போலத் தெரியும். எது மேடு என்று குழம்பினால் அந்தப் பொட்டுகளைத் தேட வேண்டும், வேறு அடையாளம் வேண்டாம்.

சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் கோடு கோடாக இருக்கும். ஆரம்ப மெலனோமாவில் நிறம் மேட்டில் பட்டையாக விழும், பள்ளம் வெளுப்பாக நிற்கும். அப்படியே கைநாட்டு மாதிரி. ஜப்பானில் தோஷியாகி சைதா என்பவரும் அவரோடு இருந்தவர்களும் கண்டு சொன்னது இது. ஜப்பானியர்களுக்கும் இந்த வகைதான் அதிகம் என்பதால் அவர்கள் காலைப் பார்த்தார்கள்.

இதற்கு டெர்மாஸ்கோப் என்ற சின்னக் கருவி போதும். பத்து மடங்கு பெரிதாக்கும், தோலின் மேல் பளபளப்பை நீக்கிவிடும். போனில் கிளிப் மாட்டிப் படமும் எடுக்கலாம். வெறும் போன் கேமராவில் வரும் படம் வேறு, அதில் வரும் படம் வேறு. ‘போட்டோ அனுப்பினேன், டாக்டர் ஒன்றும் இல்லை என்றார்’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் போட்டோ என்றுதான்.

கேமரா_குமார்
கல்யாணப் படம் எடுப்பவன் நான். மருத்துவம் தெரியாது, ஆனால் கரைமேடு அண்ணன் படம் ஏன் கலங்கல் என்று சொல்ல முடியும். போனைப் புள்ளிக்கு மூன்று விரற்கடை தூரத்தில் வைத்திருக்கிறீர்கள். அவ்வளவு பக்கத்தில் போனால் போன் தானாகவே அகல லென்சுக்கு மாறிவிடும், நடு உப்பி ஓரம் இழுபடும், போனின் நிழலே விழும். ஃபிளாஷ் வேறு போட்டிருக்கிறீர்கள், அதனால் மேடு எல்லாம் வெளுத்துவிட்டது. இது போதாதென்று படத்தை அழகாக்குகிற வேலையும் போனிலேயே நடக்கிறது. மணப்பெண்ணின் கன்னத்து மச்சத்தையே காணாமல் ஆக்கிவிட்டு என்னைத் திட்டு வாங்க வைத்த வசதி அது.

இப்படி எடுத்துப் பாருங்கள். காலைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், வறட்டுத் தோலின் வெள்ளைப் பூச்சு அடங்கும். பகலில் ஜன்னல் ஓரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். ஒரு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம். ஸ்கேலை ஒட்டியே வையுங்கள், தோலோடு ஒரே மட்டத்தில். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் ரேகை எல்லாம் சப்பையாகிவிடும்.

அப்புறம் இன்னொன்று. நிறத்தை எந்தப் படத்திலும் நம்பாதீர்கள். டியூப்லைட்டில் எடுத்தால் ஒரு நிறம், குண்டு பல்பில் எடுத்தால் ஒரு நிறம்.

ஸ்கார்பரோ_சுதா
அப்படியென்றால் என் மகளின் மூக்கு ஓரத்தில் உள்ள மச்சத்தையும் எண்ணெய் தடவி எடுக்க வேண்டுமா? அவளுக்கு ஒன்பது வயது, பிறந்ததிலிருந்து இருக்கிறது. சன்ஸ்கிரீன் போட்டுத்தான் அனுப்புகிறேன்.

மரு_நெல்லை
அக்கா, முகத்துத் தோலில் இந்த மேடு பள்ளக் கணக்கே கிடையாது, அங்கே பார்க்கும் அடையாளங்கள் வேறு. பிறந்ததிலிருந்து இருப்பது குழந்தையோடு சேர்ந்து கொஞ்சம் வளரும். உங்கள் டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது காட்டுங்கள். இந்த இழையில் காலை மட்டும் பேசுவோம்.

கரைமேடு
குமார் சொன்னபடி எடுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது ரேகை எனக்கே தெரிகிறது. கார்ன் கேப்பை நிறுத்திவிட்டோம்.

மரு_நெல்லை
நிறுத்தியது நல்லது. அந்த மருந்து தோலை வெளுத்து உரித்துவிடும், அதன் மேல் எதைப் பார்த்தாலும் தப்பாகத் தெரியும்.

புதுப் படத்தில் வெளிப்பக்கப் பாதியில் நிறம் மேட்டில் இருப்பது போலத் தெரிகிறது. உள்பக்கப் பாதி சாதாரண மச்சம் போலப் பள்ளத்தில் ஓடுகிறது. ‘போலத் தெரிகிறது’ என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். ஒரு கேள்வி: அம்மா சமீபத்தில் மருதாணி வைத்தார்களா?

கரைமேடு
ஆமாம்! சித்தி மகள் கல்யாணத்துக்குப் போன மாதம் வைத்தார். விரல்களிலும் பாதத்தின் ஓரத்திலும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மரு_நெல்லை
கண்டுபிடிக்கவில்லை, வழக்கமாகக் கேட்பதுதான். மருதாணியும் தலைமுடிக்குப் போடும் டையும் உள்ளங்காலில் பட்டால் மேட்டில்தான் பிடிக்கும். கைநாட்டு மை மாதிரியே. செருப்பு உரசி, குதித்து, தோலுக்குள் ரத்தம் கட்டினாலும் சில நேரம் மேட்டிலேயே தெரியும். குதிகாலில் அது சகஜம். கறுப்பாக வந்து நிற்கும் அந்த ரத்தத்தை, பிளேடால் மேல் தோலை லேசாகச் சீவினால் வெளியே எடுத்துவிடலாம். டாக்டர்தான் சீவ வேண்டும், வீட்டில் அல்ல. நம் நிறத்துக்காரர்களுக்கு இரண்டு உள்ளங்காலிலும் அங்கங்கே பழுப்புத் திட்டுகள் இயல்பாகவே இருப்பதும் உண்டு, அவையும் மேட்டில் இருக்கலாம். அதனால்தான் மற்றக் காலையும் பார்க்க வேண்டும் என்றேன்.

ஆக, என் முன்னால் இப்போது இருப்பது மச்சமா, மருதாணியா, ரத்தமா, மெலனோமாவா, எதுவும் உறுதியில்லை.

டெப்போ_மணி
ரத்தம் என்றதும் கேட்கிறேன். என் வலது கால் கட்டைவிரல் நகத்தில் ஆறு மாதமாகக் கறுப்பு. ஜாக்கி விழுந்தது என்று நினைவு, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. மகன் பாடகர் பாப் மார்லி கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறான்.

மரு_நெல்லை
கதை இல்லை அண்ணே, உண்மைதான். 1977-இல் அவருடைய கால் கட்டைவிரலில் இருந்ததை முதலில் கால்பந்தில் பட்ட அடி என்றே நினைத்திருக்கிறார்கள். அது மெலனோமா, 1981-இல் இறந்தார்.

உங்களுக்குப் படம் நன்றாகவே உதவும். நகத்தின் அடியில் உள்ள ரத்தம் நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் வளரும். அப்படியென்றால் ஆறு மாதத்தில் கறுப்புக்கும் நகத்தின் அடிப்பகுதிக்கும் நடுவே நல்ல நகம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வந்திருக்க வேண்டும். வந்திருக்கிறதா?

டெப்போ_மணி
இல்லையே. அடியிலிருந்து நுனிவரை ஒரே பட்டையாக ஓடுகிறது.

மரு_நெல்லை
அப்படியென்றால் மாதாமாதம் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், இந்த வாரமே ஒரு தோல் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். நம் நிறத்தில் நகத்தில் பட்டை விழுவது சகஜம், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரே விரலில், புதிதாக வந்திருக்கிறது. கறுப்பு நகத்தைத் தாண்டி, நகத்தின் அடிப்பகுதியை ஒட்டிய தோலிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் நாளைக்கே போங்கள்.

கேமரா_குமார்
கரைமேடு அண்ணா, பழைய படம் ஏதாவது இருக்கிறதா? அம்மாவின் உள்ளங்கால் தெரிகிற படம்.

கரைமேடு
உள்ளங்காலை யார் படம் எடுப்பார்கள் தம்பி?

கேமரா_குமார்
பேரன் பேத்தி இருக்கிறார்களா? குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் படத்தை எடுக்காத வீடு ஏது? பாட்டி காலை நீட்டி உட்கார்ந்திருப்பார், எதிரில் நின்று எடுப்போம். முன்னால் பெரிதாகத் தெரிவதே இரண்டு உள்ளங்கால்தான்.

கரைமேடு
தம்பி, உனக்குக் கோடிப் புண்ணியம். அக்கா மகள் பிறந்தபோது எடுத்தது கிடைத்தது, மூன்று வருடம் ஒரு மாதம் ஆகிறது. வலது குதிகாலில் அதே இடத்தில் ஒரு சின்னப் பொட்டு. இடது காலில் ஒன்றுமில்லை.

மரு_நெல்லை
இது பெரிய விஷயம். அளவு எடுக்கலாம். ஸ்கேல் இல்லாவிட்டாலும் குதிகாலே ஸ்கேல், மூன்று வருடத்தில் அதன் அகலம் மாறியிருக்காது. இரண்டு படத்திலும் குதிகாலின் அகலத்தில் புள்ளி எத்தனையில் ஒரு பங்கு என்று பாருங்கள். நிறத்தை ஒப்பிட வேண்டாம்.

கரைமேடு
படத்தைப் பெரிதாக்கி ஸ்கேலால் அளந்தேன். பழைய படத்தில் இருபதில் ஒரு பங்கு. இப்போது ஏழில் ஒரு பங்கு. நிஜக் குதிகாலை அளந்தால் 62 மில்லிமீட்டர். அப்படியென்றால் அப்போது மூன்று, இப்போது ஒன்பது.

மரு_நெல்லை
பழைய படம் கொஞ்சம் சாய்வாக எடுத்தது, அதனால் மூன்று என்பது இரண்டரையாகவோ நான்காகவோ இருக்கலாம். ஒன்பதாக இருக்க முடியாது. 55 வயதுக்கு மேல் ஒரு மச்சம் மூன்று வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆவது வழக்கமில்லை. மருதாணியையும் ரத்தத்தையும் வைத்து இதை விளக்க முடியாது, மூன்று வருடம் அவை ஒரே இடத்தில் நின்று வளராது.

நடவு காத்திருக்கட்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அழகு நிலையத்திலோ லேசர் கிளினிக்கிலோ சுட்டு எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

ஐயாசாமி65
சுட்டாலும் போய்விடும்தானே டாக்டர்? எனக்குப் போனதே.

லேப்_ராணி
ஐயா, இதற்கு நான் சொல்கிறேன், திசு பார்க்கும் லேபில் 14 வருடமாக இருக்கிறேன். உங்கள் கழுத்தில் இருந்தது தோலில் தொங்கும் வெறும் மருவாக இருந்திருக்கலாம், அது எப்படிப் போனாலும் சரி. ஆனால் அது என்ன என்று இனி யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் எங்களிடம் வரவேண்டியது சுண்ணாம்பில் வெந்துவிட்டது. மேலே கருகிவிட்டு அடியில் மிச்சம் இருந்து, இரண்டு வருடம் கழித்துக் கட்டியாக வந்தவர்களின் துண்டுகளை வெட்டியிருக்கிறேன். ஊரில் ‘கத்தி பட்டதும் பரவியது’ என்பார்கள். அவர்கள் கத்திக்கு வந்ததே பரவிய பிறகு. சோதனைக்கு எடுப்பதால் இது பரவுவதில்லை.

படத்தால் ஒருக்காலும் முடியாதது ஒன்று இருக்கிறது: ஆழம். 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் காட்டியது. மெலனோமா எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் பிழைப்பதையும் அடுத்த சிகிச்சையையும் தீர்மானிக்கிறது. மைக்ராஸ்கோப்பின் கீழ் மில்லிமீட்டரில் அளப்போம். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒரு கதை, நாலு மில்லிமீட்டர் என்றால் வேறு கதை. மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு வட்டமாகத் தெரியலாம். அதனால்தான் மேலாகச் சுரண்டி அனுப்பினால் எங்களுக்குக் கோபம் வரும். அடித்தோலும் கொழுப்பும் சேர்ந்து முழுதாக வரவேண்டும்.

கரைமேடு அண்ணா, எடுப்பவரிடம் உள்ளங்கால் ரேகை எந்தத் திசையில் ஓடுகிறது என்று குறித்து அனுப்பச் சொல்லுங்கள். ரேகைக்குக் குறுக்கே சீவினால்தான் மேடும் பள்ளமும் ஸ்லைடில் மாறி மாறித் தெரியும். நெடுக்காகச் சீவிவிட்டால் எது மேடு, எது பள்ளம் என்று எங்களுக்கே தெரியாது.

ஐயாசாமி65
சரிம்மா. எங்கள் ஊர் ஆள் கதையும் அப்படித்தானா என்று தெரியவில்லை. அவர் முதலில் என்ன வைத்தார் என்று விசாரிக்கிறேன்.

கரைமேடு (பன்னிரண்டு நாள் கழித்து)
போய்வந்தோம். தோல் டாக்டர் முதலில் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தார். விரல் ஓரத்தில் மருதாணி மிச்சம் கொஞ்சம் போனது, புள்ளி போகவில்லை. மேல் தோலை லேசாகச் சீவினார், ரத்தம் என்று எதுவும் வரவில்லை. ஜெல் தடவி அந்தக் கருவியை வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக இருந்த பட்டையிலேயே பழுப்பு நிறம், ஆனால் வெளிப்பக்கப் பாதியில் மட்டும். டாக்டர் நெல்லை சொன்னது அப்படியே. மற்றக் கால், விரல் இடுக்கு, நகம், தொடை இடுக்கு எல்லாம் பார்த்துவிட்டு, நெறி எதுவும் இல்லை என்றார். குளிப்பாட்டும் படத்தைக் காட்டினேன், அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு மறுநாளே மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றி 2 மில்லிமீட்டர் நல்ல தோலோடு முழுதாக எடுத்துவிட்டார்கள். ரேகைத் திசை பற்றிச் சொன்னேன், அறுவை செய்தவர் சிரித்துக்கொண்டே ஒரு நூல் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தார்.

லேப்_ராணி
ரிப்போர்ட் வந்ததா?

கரைமேடு
நேற்று வந்தது. மேல்தோலின் அடிவரிசையில் நிறச் செல்கள் மேட்டை ஒட்டி ஒவ்வொன்றாக நிற்கின்றன, கீழே இறங்கியதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆரம்ப மெலனோமாவா, வித்தியாசமான மச்சமா என்று உறுதிசெய்ய இன்னும் சில சாயச் சோதனைகள் வேண்டுமாம், வேறு ஒரு நிபுணருக்கும் திசுத் துண்டை அனுப்புகிறார்களாம். ஒரு ஓரத்தில் விளிம்புக்கு மிக அருகில் வந்திருக்கிறது, எப்படியும் இன்னொரு முறை கொஞ்சம் அகலமாக எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். பத்து நாள் ஆகும்.

மரு_நெல்லை
கீழே இறங்கவில்லை என்பதுதான் அதில் பெரிய வரி. மற்றதற்குக் காத்திருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட ஸ்லைடில் இரண்டு நிபுணர்கள் இரண்டு மாதிரி சொல்வதும் நடக்கும். அப்படி வந்தால் எழுதுங்கள்.

ஸ்கார்பரோ_சுதா
அம்மா எப்படி இருக்கிறார்?

கரைமேடு
காலை ஊன்றக் கூடாது என்று திண்ணையில் உட்கார வைத்திருக்கிறோம். அங்கிருந்தே நடவு ஆட்களைக் கத்திக்கொண்டிருக்கிறார். மணி அண்ணே, நீங்கள் போனீர்களா?

டெப்போ_மணி
வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். நகத்தை ஒட்டிய தோலை டார்ச் அடித்துப் பார்த்தேன், ஏறியிருக்கிறதா அழுக்கா என்று புரியவில்லை. குமார் தம்பி சொன்னபடி எண்ணெய் தடவி, ஜன்னல் ஓரம் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேதான் போகிறேன்.